பச்சை மிளகாயின் காரம் தப்பினால்: எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்வது

சமையல் குறிப்பில் "பச்சை மிளகாய் 4" என்று இருக்கும். நாலு போட்டால் ஒரு நாள் கண்ணில் தண்ணீர் வரும், இன்னொரு நாள் மிளகாய் போட்ட சுவடே தெரியாது. இதற்குச் சமைத்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காரம் தப்பும் எல்லா நேரத்திலும் இரண்டே கேள்விதான் கேட்க வேண்டும்: மிளகாய்க்குள் எவ்வளவு காரம் இருந்தது, அதில் எவ்வளவு வெளியே வந்து உணவில் கலந்தது. எந்தக் கேள்வியில் பிசகு என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது சுலபம்.

அதற்கு முன் காரம் மிளகாயில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு மிளகாயை நீளவாக்கில் கீறி விரித்தால் காம்புக்குக் கீழே வெள்ளையாக, பஞ்சு போன்ற ஒரு பகுதி தெரியும். விதைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து இரண்டோ மூன்றோ வெளிறிய நரம்புகள் சுவரை ஒட்டி நுனி நோக்கி இறங்கும். காரத்தைத் தரும் கேப்சைசினும் அதன் நெருங்கிய உறவுப் பொருட்களும் உருவாவது இந்த வெள்ளைப் பகுதியிலும் நரம்பிலும்தான். நரம்பின் மேல்தோலுக்கு அடியில் நுண்ணிய கொப்புளங்களாகச் சேர்ந்து நிற்கும், கத்தி பட்டால் உடைந்து வழியும். விதை காரத்தை உற்பத்தி செய்வதில்லை. நரம்போடு ஒட்டி வளர்வதால் மேலே பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். சதையிலும் தோலிலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் நரம்பில் இருப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அறிகுறி 1: அதே எண்ணிக்கைதான் போட்டேன், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரம்

பிசகு முதல் கேள்வியில், அதாவது மிளகாயிலேயே இருக்கிறது. ஒரே ரகத்துக்குள்ளும் காரம் பெரிதும் மாறும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவுகோலில் ஹாலபினோ மிளகாய்க்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 2,500 முதல் 8,000 வரை. ஒரே பெயர் கொண்ட காய்க்குள்ளேயே மூன்று மடங்கு வித்தியாசம்! ஒரே செடியில் பறித்த இரண்டு காய்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

முதல் காரணம் முதிர்ச்சி. பூ உதிர்ந்து காய் பிடித்த தொடக்கத்தில் காரம் மிகக் குறைவு. பிறகு ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 40 முதல் 50 நாளில் உச்சத்தைத் தொடும். அதாவது பழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன், நன்றாக முற்றிய பச்சைக் காயில்தான் காரம் கிட்டத்தட்ட முழுதாக இருக்கும். இரண்டாவது காரணம் செடி வளர்ந்த சூழல். தண்ணீர் தட்டுப்பாட்டிலும் வெயிலிலும் வாடி வளர்ந்த செடியின் காய் பல ரகங்களில் கூடுதலாக உறைக்கும்.

கடையில் நின்று பார்க்கும்போது வெயிலும் தண்ணீரும் தெரியாது, முதிர்ச்சி தெரியும். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். இளங்காய் வளைந்து கொடுக்கும், நிறம் வெளிறியிருக்கும், உடைத்தால் விதை வெள்ளையாகத் தட்டையாக இருக்கும். முற்றிய காய் விறைப்பாக, கரும்பச்சையாக இருக்கும். அதன் விதை பழுப்பு மஞ்சளாகி, நகத்தால் அழுத்தினால் நசுங்காது. காரம் வேண்டுமென்றால் முற்றியதை எடுங்கள், மணம் மட்டும் போதுமென்றால் இளசை எடுங்கள். நிறத்தை மட்டும் நம்பி வெவ்வேறு ரகங்களை ஒப்பிடாதீர்கள். பிறப்பிலேயே கரும்பச்சையான சாதுவான ரகங்களும் உண்டு, வெளிறிய பச்சையில் பொசுக்கும் ரகங்களும் உண்டு.

சின்ன மிளகாய்தான் காரம் என்பது ரகங்களுக்கு இடையே பெரும்பாலும் செல்லும். மெல்லிய சின்னக் காயில் சதை குறைவு, நரம்பின் பங்கு அதிகம். தடித்த சதையுள்ள பெரிய காயில் அதே நரம்பு நிறைய சதைக்குள் மறைந்துவிடும். ஆனால் ஒரே குவியலில் இருக்கும் பெரியதையும் சிறியதையும் இந்த விதியால் பிரிக்க முடியாது. அங்கே சிறியது வெறும் பிஞ்சாகவே இருக்கலாம்.

அதனால் வாங்கி வந்ததும் ஒன்றைச் சோதிப்பதே நம்பகமான வழி. இதில் பலர் நுனியைக் கடித்துப் பார்த்து "காரமே இல்லை" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நுனியில் நரம்பு மெலிந்து போயிருக்கும். அது எப்போதும் சாதுவாகத்தான் இருக்கும். காம்புக்கு ஒரு விரல் கீழே குறுக்காக வெட்டி, வெட்டிய முகத்தைக் கத்தி நுனியால் தொட்டு, அந்த ஈரத்தை நாக்கில் வையுங்கள். 30 நொடி பொறுங்கள், காரம் மெதுவாகத்தான் ஏறும். சட்டென்று ஏறி அடங்காமல் நின்றால் அந்தத் தொகுதிக்கு எண்ணிக்கையைப் பாதியாக்கலாம்.

ஒரு மிளகாயைச் சோதித்தால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாதே என்று கேட்கலாம். சரிதான். அதற்கு நான் கண்ட நல்ல தீர்வு எண்ணுவதையே விட்டுவிடுவது. 200 கிராம் மிளகாயைக் காம்பு நீக்கி, நரம்போடும் விதையோடும் மொத்தமாக விழுதாக அரைத்து, கரண்டியால் அளந்து பயன்படுத்துங்கள். சாதுவானதும் முரட்டுத்தனமானதும் ஒன்றாகக் கலந்து சராசரி ஆகிவிடும். முதல் முறை ஒரு தேக்கரண்டி எவ்வளவு உறைக்கிறது என்று பார்த்துவிட்டால் அந்த விழுது தீரும்வரை கணக்கு தப்பாது. சிறு கட்டிகளாக உறையவைத்தாலும் காரம் போகாது.

இன்னொன்று: வாடிய மிளகாயில் காரம் குறைந்திருக்கும் என்று நினைத்து இரண்டு கூடுதலாகப் போடுவது வழக்கம். காயில் இருந்து போவது தண்ணீர்தான், கேப்சைசின் அல்ல. சுருங்கிய காயை எடைபோட்டுச் சேர்த்தால் காரம் கூடத்தான் செய்யும்.

அறிகுறி 2: விதையை எல்லாம் எடுத்துவிட்டேன், காரம் குறையவே இல்லை

விதையைத் தட்டி உதிர்த்துவிட்டு நரம்பை அப்படியே விட்டிருப்பீர்கள். விதையைத் தட்டுவதால் கொஞ்சம் காரம் குறைவதுபோல் தோன்றுவது உண்மை. விதையோடு சேர்ந்து வெள்ளைப் பஞ்சும் கொஞ்சம் பிய்ந்து வருவதே அதற்குக் காரணம்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரே மிளகாயில் பார்த்துக்கொள்ளலாம். கீறித் திறந்து, ஒரு விதையை எடுத்துத் தண்ணீரில் நன்றாக அலசித் துடைத்துவிட்டு மெல்லுங்கள். லேசான கசப்பு தெரியும், காரம் பெரிதாக இருக்காது. அடுத்து நரம்பில் அரிசி அளவு கிள்ளி நாக்கில் வையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

நரம்பை எடுக்கும் முறையில்தான் நுணுக்கம் இருக்கிறது. நரம்பின் மேல் கத்தியை ஓட்டினால் கொப்புளங்கள் உடைந்து, அந்தச் சாறு சதை முழுவதும் பூசிக்கொள்ளும். அதன் பிறகு நரம்பைச் சுரண்டி எறிந்தாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கும். எனவே காம்பை வெட்டியவுடன் உள்ளே பாருங்கள், நரம்புகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தெரியும். இரண்டு நரம்புக்கு நடுவே, ஆழம் போகாமல் நீளவாக்கில் கீறுங்கள். காயை மெல்ல விரித்து, சிறு கரண்டியின் விளிம்பால் காம்புப் பக்கமிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பில் வழியுங்கள். வெள்ளைப் பஞ்சும் நரம்பும் விதையும் சேர்ந்து வந்துவிடும். பிறகு குளிர்ந்த நீரோட்டத்தில் கழுவினால் தெறித்த சாறு ஓரளவு போகும். கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கழுவும் தண்ணீர் அதைக் கரைத்து எடுப்பதில்லை, அடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் ஊறவைப்பதைவிட ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதே மேல்.

மெல்லிய மிளகாயில் இவ்வளவு பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அப்படியென்றால் மேல் பகுதியை, அதாவது காம்பை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தனியே வைத்துவிட்டு, கீழ்ப்பகுதியை மட்டும் சேருங்கள். காரத்தின் பெரும்பங்கு மேலேயே நின்றுவிடும். ஒதுக்கிய துண்டுகளை வேறொரு உணவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நரம்பை முழுதாக எடுத்த பிறகும் பொசுக்கினால் அந்த ரகமே அப்படிப்பட்டது. மிகக் காரமான ரகங்களில் சதைக்குள்ளும் போதுமான அளவு இருக்கும். அங்கே சுத்தம் செய்வதால் தீர்வு கிடைக்காது, ரகத்தை மாற்றுவதுதான் வழி. மணம் மட்டும் வேண்டும், காரம் வேண்டாம் என்றால் சாதுவான தடித்த ரகத்தின் சதையையும், மணத்துக்கு ஒரே ஒரு காரமான மிளகாயையும் சேர்ப்பது நல்ல நடுவழி.

அறிகுறி 3: இறக்கும்போது சரியாக இருந்தது, பரிமாறும்போது உறைக்கிறது

இது இரண்டாவது கேள்வி. மிளகாயில் இருந்த காரம் வெளியே வர நேரம் எடுத்திருக்கிறது.

கொதிக்கவைத்தால் காரம் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கேப்சைசின் 65 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், ஆனால் உருகுவது சிதைவதல்ல. 100 டிகிரியில் அரை மணி நேரம் கொதித்தாலும் பெரும்பகுதி சிதையாமல் நிற்கும், ஆவியோடும் அதிகம் போய்விடாது. சமைத்த மிளகாயைக் கடித்தால் காரம் குறைவாகத் தெரிவது உண்மைதான். ஆனால் குறைந்த காரம் எங்கும் தொலையவில்லை. குழம்புக்குள் போயிருக்கிறது.

எவ்வளவு வேகமாகப் போகும் என்பது மிளகாயை எப்படிப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுசாக, கீறாமல் போட்டால் மெழுகுத் தோல் தடுத்துவிடும். மணம் வரும், காரம் கொஞ்சம்தான் இறங்கும். கீறிப் போட்டால் கொதிக்கக் கொதிக்க இறங்கிக்கொண்டே இருக்கும். பொடியாக நறுக்கினால் சில நிமிடங்களில் பெரும்பகுதி இறங்கிவிடும். அரைத்தால் போட்ட உடனேயே முழுதும் கலந்துவிடும். எனவே கீறிப்போட்ட மிளகாய் உள்ளே கிடக்கும் பாத்திரத்தில் ருசி பார்ப்பது நடுவழியில் எடுத்த அளவுதான். அடுப்பை அணைத்த பிறகும் சூட்டில் இறங்கும், இரவெல்லாம் வைத்தால் இன்னும் இறங்கும். காரம் சரியாக இருக்கும் கட்டத்திலேயே மிளகாயை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் இறக்கும்போது கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும்.

ருசி பார்க்கும் நாக்கும் ஏமாற்றும். கேப்சைசின் தொடும் நரம்புணர்வு ஏற்பி, 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணரும் அதே ஏற்பிதான். இதைக் கண்டறிந்த ஆய்வுக்காகத்தான் டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்தால் சூடும் காரமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, உணவு உண்மையைவிட உறைப்பாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, பல நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பச் சுவைத்துக்கொண்டிருந்தால் நாக்கு மரத்துப்போய், எவ்வளவு சேர்த்தாலும் போதாததுபோல் இருக்கும். சமைத்தவருக்குச் சரியாகத் தெரிந்தது சாப்பிடுபவருக்குத் தாங்கமுடியாமல் போவது இப்படித்தான். கரண்டியில் எடுத்து வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரே ஒரு முறை ருசி பாருங்கள். முடிந்தால் இதுவரை ருசி பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 4: மிளகாய் நிறையப் போட்டும் காரம் ஏறவில்லை

முதலில் மிளகாயைச் சோதியுங்கள், பிஞ்சாக இருக்கலாம். சோதனையில் உறைக்கிறது, உணவில் மட்டும் தெரியவில்லை என்றால் மிளகாய் முழுசாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதைக் கரண்டியால் நசுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். கொழுப்பு அதிகமுள்ள உணவிலும் இப்படி ஆகும். கேப்சைசின் எண்ணெயிலும் நெய்யிலும் நன்றாகக் கரைந்துகொண்டு நாக்குக்கு மெதுவாகவே வந்து சேரும், பாலில் உள்ள கேசீன் புரதமும் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உணவுக்கு மிளகாயை முதலில் எண்ணெயில் வதக்காமல், கடைசி ஐந்து நிமிடத்தில் நசுக்கிச் சேர்த்தால் பச்சை மணமும் சுள்ளென்ற காரமும் தனியே தெரியும்.

எண்ணெயில் வதக்கும்போது இருமல் வந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. மிளகாயின் ஈரம் வெடித்து, கேப்சைசின் நுண்துளியாகக் காற்றில் ஏறுகிறது. தீயைக் குறைத்து, வெங்காயம்போல் ஈரமான ஏதாவது ஒன்று வதங்கிக்கொண்டிருக்கும்போது மிளகாயைச் சேர்த்தால் நெடி வெகுவாக அடங்கும்.

அறிகுறி 5: எல்லாம் முடிந்தது, காரம் தாங்கவில்லை

ஒரு லிட்டர் குழம்பு, ஆறு கீறிய மிளகாய், 20 நிமிடக் கொதி, உப்பு 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை ஆறு மிளகாயையும் எண்ணி எடுத்துவிடுவது. ஒன்று உள்ளே நின்றாலும் அது காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், பிழிந்துவிடாமல் எடுங்கள். இரண்டாவது, மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுங்கள். கேப்சைசின் எண்ணெயை விரும்பித் தேடிப்போகும் என்பதால் இந்த மெல்லிய படலத்தில் அளவுக்கு மீறிய காரம் இருக்கும்.

அடுத்து நீர்க்கச் செய்வது. இதை மொத்தப் பாத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலு மேசைக்கரண்டி குழம்பை எடுத்து, அதே குழம்பின் காரமில்லாத அடிப்படையை, அதாவது வெந்த பருப்போ காய்கறியோ மசித்ததை, ஒரு மேசைக்கரண்டி கலந்து ஆறவிட்டுச் சுவையுங்கள். போதவில்லை என்றால் வாயைக் கொப்பளித்து, ஐந்து நிமிடம் பொறுத்து, இன்னொரு கரண்டி சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது கரண்டியில் தாங்கும்படி வந்தது என்றால் கணக்கு எளிது: நாலுக்கு இரண்டு, ஆகவே ஒரு லிட்டருக்கு அரை லிட்டர். காரம் மூன்றில் இரண்டு பங்காகும். புதிதாகச் சேர்ந்த அரை லிட்டருக்கு உப்பு இல்லை, அதற்கு 5 கிராம் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் காரம் சரியாகி உணவு சப்பென்று ஆகிவிடும்.

அவ்வளவு சேர்த்தால் பாத்திரம் கொள்ளாது என்றால், கால் லிட்டர் மட்டும் சேர்த்து நீர்க்கச் செய்துவிட்டு மீதியைத் தயிரோ பாலோ வேர்க்கடலை விழுதோ பார்த்துக்கொள்ளும். தயிரை அடுப்பை அணைத்த பிறகு கடைந்து சேருங்கள், கொதியில் திரிந்துபோகும். ஒரு சிட்டிகை சர்க்கரையும் எரிச்சலைக் குறைவாக உணரச் செய்யும், உணவு இனிக்கத் தொடங்குவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

எலுமிச்சை காரத்தை முறிக்கும் என்பார்கள். புளிப்பு கேப்சைசினைச் சிதைக்காது, கவனத்தைத் திருப்பும். அளவு மீறினால் எரிந்துகொண்டிருக்கும் நாக்குக்கு இன்னும் குத்தும். உருளைக்கிழங்கைத் துண்டாகப் போட்டு எடுத்தால் காரத்தை உறிஞ்சும் என்பதும் அப்படித்தான். துண்டு காரத்தைத் தேர்ந்தெடுத்து உறிஞ்சுவதில்லை. வேகவைத்து மசித்து உள்ளேயே விட்டால் அளவு கூடும், அதனால்தான் காரம் குறையும்.

அறிகுறி 6: நறுக்கிய கை எரிகிறது

தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. முதலில் சமையல் எண்ணெயை இரண்டு கையிலும், குறிப்பாக நகக்கண்ணில், ஒரு நிமிடம் தேயுங்கள். கேப்சைசின் எண்ணெயில் கரையும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைக் கையில் நேராக ஊற்றித் தேய்த்து, குளிர்ந்த நீரில் கழுவுங்கள். எண்ணெய் காரத்தைப் பிடிக்கும், சோப்பு எண்ணெயைப் பிடிக்கும். இதை இரண்டு முறை செய்யுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு அதே ஏற்பியைத் தூண்டும். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய், பால் எதுவும் வேண்டாம். கையைச் சோப்பால் கழுவிவிட்டு, சுத்தமான குளிர்ந்த நீரைக் கண்ணில் நிறைய ஓடவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கை சுத்தமான பிறகே கழற்றுங்கள். எரிச்சல் அடங்காமலோ பார்வை மங்கலாகவோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.